சீனப் புலமைப்பரிசிலுக்கான சுயவிளக்கக் கட்டுரை: மாற்ற வேண்டியது முதல் பந்தி

தங்கச்சி,

சீன அரசின் புலமைப்பரிசிலுக்காக நீங்கள் சீன மொழியில் எழுதி அனுப்பிய சுயவிளக்கக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். குவாங்சோவில் சர்வதேச வர்த்தகம் முதுகலை படிக்க உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அது கடைசிப் பந்தியில் ஒரே வரியாக ஒளிந்து கிடக்கிறது.

நீங்கள் தொடங்கியிருப்பது இப்படி: 中国历史悠久，文化博大精深. சீனாவின் வரலாறு நெடியது, பண்பாடு ஆழமானது என்று பொருள். வெளிநாட்டு மாணவர்கள் பலரும் இதே வரியில்தான் தொடங்குகிறார்கள். வாசிக்கும் பேராசிரியருக்குத் தன் நாட்டின் வரலாறு தெரியும். நீங்கள் யார் என்பதுதான் தெரியாது. அந்தப் பந்தியை முழுதாக எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, கொழும்பில் டைல்ஸ் இறக்குமதி செய்யும் கம்பனியில் நீங்கள் பார்த்த வேலையை வையுங்கள். தொலைபேசியில் என்னிடம் சொன்னதையே சீன மொழியில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

我在科伦坡一家瓷砖进口公司工作了两年，每天用中文跟佛山的工厂联系。有一次，两批瓷砖的色号不同，客户不愿意收货。我看了合同，发现里面没有写色号。

இரண்டு வருடம் வேலை, ஃபோஷான் தொழிற்சாலைகளோடு தினமும் சீன மொழியில் தொடர்பு, ஒருமுறை இரண்டு தொகுதி டைல்ஸின் நிற எண் பொருந்தாமல் வாடிக்கையாளர் பொருளை ஏற்க மறுத்தது, ஒப்பந்தத்தைப் பார்த்தால் நிற எண்ணே குறிப்பிடப்படவில்லை. மூன்றே வாக்கியத்தில் உங்கள் அனுபவமும் மொழித் திறனும், இனிப் படிக்கப் போகும் கேள்வியும் வந்துவிட்டன. சிறிய இறக்குமதியாளர் ஒப்பந்தத்தில் தரப் பரிசோதனையை எப்படி எழுதி வைத்துக்கொள்வது என்பதுதான் அந்தக் கேள்வி.

கட்டுரையின் மிச்சம் அந்தக் கேள்வியின் பின்னாலேயே போகட்டும். முதுகலை விண்ணப்பத்துக்குப் படிப்புத் திட்டமும் வேண்டும், குறைந்தது 800 சொற்கள். முதல் வருடம் எந்தப் பாடங்கள் இந்தக் கேள்விக்கு உதவும், ஆய்வுக்கு எந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை அங்கே விரிவாக எழுதுங்கள். சுயவிளக்கத்தில் அதன் சாரம் ஒரு பந்தி போதும். இரண்டும் ஒன்றோடொன்று முரணாமல் இருக்க வேண்டும்.

ஏன் குவாங்சோ என்ற பந்தியில் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பாடியிருக்கிறீர்கள். பெயரை அழித்து வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பந்தி அப்படியே நிற்கும். அதனால் அது இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதாகாது. உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறது. டைல்ஸ் உற்பத்திக்குப் பேர்போன ஃபோஷான் குவாங்சோவுக்குப் பக்கத்து நகரம். 1957 முதல் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சியும் ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குவாங்சோவில்தான் கூடுகிறது. உங்கள் கேள்விக்கான ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். துறையின் இணையப் பக்கத்தில் ஒப்பந்தம், பணப்பட்டுவாடா பற்றி ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியரைத் தேடி, அவர் ஆய்வோடு உங்கள் கேள்வி எங்கே சேர்கிறது என்றும் சொல்லுங்கள்.

அடுத்தது மொழி, எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். உங்களிடம் இருப்பது சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யின் நான்காம் நிலைச் சான்றிதழ். கட்டுரையிலோ நான்கு எழுத்துப் பழமொழிகள் வரிக்கு வரி வருகின்றன. நீங்கள் எழுதியதை யாரோ தூக்கித் திருத்தியிருக்கிறார் என்று உடனே தெரிகிறது. காணொளி நேர்காணல் வைத்தால் இந்தக் கட்டுரையிலிருந்தே கேட்பார்கள். அப்போது உங்கள் வாயில் வராத வாக்கியம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். தாளை மூடி வைத்து ஒவ்வொரு பந்தியையும் வாயால் சொல்லிப் பாருங்கள். தடுக்கி விழும் இடத்தில் சொல்லை எளிதாக்குங்கள். நிற எண்ணைக் குறிக்கும் 色号 போன்ற தொழிற்சொல் கடினமாக இருந்தாலும் இருக்கட்டும், தினமும் புழங்கிய சொல் அது. உங்கள் சீன மொழி ஆசிரியரிடம் கொடுக்கும்போது பிழையைக் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள், திருப்பி எழுதித் தர வேண்டாம் என்று கேளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். பல்கலைக்கழகத்தை நேரே, உங்கள் பல்கலைக்கழகம் என்ற பொருளில், "你们学校" என்று எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் மரியாதையாக "贵校" என்றுதான் எழுதுவார்கள்.

தட்டச்சில் சில திருத்தம். தலைப்பு 个人陈述 நடுவில். ஒவ்வொரு பந்தியும் இரண்டு எழுத்து இடம் விட்டுத் தொடங்க வேண்டும். ஆங்கில விசைப்பலகையின் புள்ளியும் காற்புள்ளியும் வேண்டாம், சீன உள்ளீட்டின் 。 ， இரண்டையும் பயன்படுத்துங்கள். பொருட்களை அடுக்கும்போது 、 வரும். கடைசியில் வலப்பக்கம் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், அதன் கீழ் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் திகதி.

பரிந்துரைக் கடிதம் இரண்டும் பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர் நிலையில் உள்ளவர்களிடம் வாங்க வேண்டும். புதிய கட்டுரையின் சுருக்கத்தை இந்தக் கிழமையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் டைல்ஸ் ஒப்பந்தம் பற்றி எழுத, அவர்கள் உங்கள் பரீட்சைப் புள்ளிகளை மட்டும் எழுதி அனுப்பினால் மூன்று தாளும் மூன்று ஆட்களைப் பற்றிப் பேசும்.