33 தஸ்பீஹை விரலில் எண்ணுவது எப்படி?

"ஹஜ்ரத், தொழுகை முடிந்ததும் 33 தஸ்பீஹ் ஓதும்போது இருபதைத் தாண்டினால் எனக்கு எண்ணிக்கை குழம்பிவிடுகிறது. சந்தேகத்தில் மறுபடி முதலிலிருந்து ஓதுகிறேன். விரலை விட்டுவிட்டு மணி வாங்கிவிடலாமா?"

மணி வாங்க வேண்டாம். நீங்கள் எண்ணும் முறையை மாற்றினாலே போதும்.

அநேகமாக நீங்கள் கட்டைவிரலையும் சேர்த்து ஐந்து விரலிலும் எண்ணுகிறீர்கள். விரலுக்கு மூன்று என்றால் ஒரு சுற்றுக்கு 15, இரண்டு சுற்றில் 30, மேலும் ஒரு விரல் சேர்த்தால் 33. சொல்லும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் கட்டைவிரலில் இருப்பது இரண்டு கணுதான். ஒரு சுற்றில் அடி ரேகையையும் சேர்த்து மூன்றாக எண்ணுகிறோம், அடுத்த சுற்றில் நம்மை அறியாமல் இரண்டோடு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு சுற்றிலும் அப்படி நடந்தால் 28 தான் வரும். 33 என்று நினைத்து 31-ல் நிறுத்தியிருப்பீர்கள்.

அதனால் கட்டைவிரலை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது தொட்டுக்காட்ட மட்டும். வலது கைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரல் நுனியை வைத்து "ஸுப்ஹானல்லாஹ்" சொல்லுங்கள். அடுத்து நடுக்கணு, அப்புறம் நுனிக்கணு. பிறகு மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். நான்கு விரலுக்கும் சேர்த்து 12. இரண்டாவது சுற்றும் அப்படியே, 24. மூன்றாவது சுற்றில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் ஆகிய மூன்று மட்டும். நடுவிரல் நுனியைத் தொடும்போது 33 முடிந்திருக்கும். ஆள்காட்டி விரல் மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் உங்களுக்குச் சாட்சி. எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோகும் என்றால், ஒவ்வொரு முழுச் சுற்று முடிந்ததும் இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்" 33-ம் "அல்லாஹு அக்பர்" 33-ம் இதே மாதிரிதான். 99 ஆனதும் நூறை நிறைவு செய்ய "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹு, லஹுல் முல்க்கு வலஹுல் ஹம்து வஹுவ அலா குல்லி ஷையின் கதீர்" என்று ஒருமுறை ஓதுங்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸில் வருவது இதுதான்.

மணி கூடாது என்று நான் சொல்லவில்லை. அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் யுஸைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை விசாரிக்கப்படும், பேச வைக்கப்படும் என்று பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இருக்கிறது. எனக்குக் கோபம் மணியை விற்பவர்கள் மீதுதான். இது இன்ன புனித மரம், இதில் ஓதினால் கூடுதல் நன்மை, இது ஓதி ஊதப்பட்டது என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். மணிக்கு அப்படி ஒரு சிறப்பு இருப்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வாங்கியவர்களாவது அதில் 33 மணி இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறார்களா என்றால் அதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு 33 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், கையைப் பிடித்து ஒரு தடவை காட்டிக்கொடுப்பதில்லை. பல இடங்களில் சலாம் கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒலிபெருக்கியில் துஆ தொடங்கிவிடுகிறது. பின்னால் இருப்பவர் பாதியில் விடுகிறார், அல்லது எழுத்துகளை விழுங்கி ஓட்டுகிறார். நிதானமாக ஓதினாலும் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் ஆகும். அதைக்கூட விட்டுக்கொடுக்காத அவசரம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் இருந்து முடித்துவிட்டே எழுந்திருங்கள்.

கையில் குறை உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். ஒரு விரல் இல்லாதவருக்கு, கட்டைவிரல் நீங்கலாக மூன்று விரல் இருந்தால், ஒரு சுற்றுக்கு 9. மூன்று சுற்றில் 27, மேலும் இரண்டு விரல் சேர்த்தால் 33. கட்டைவிரலே இல்லாதவர் மற்றொரு கையின் விரலால் கணுவைத் தொட்டு அதே பன்னிரண்டு கணக்கில் போகலாம். விரல் விறைத்தோ நடுங்கியோ கணுவைத் தொட முடியாதவர், ஐந்து விரல் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடையில் அழுத்தி எண்ணட்டும்: ஆறு சுற்றுக்கு 30, பிறகு மூன்று விரல். கையே அசையாது என்றால் அவருக்கு மணி தாராளமாகப் பொருந்தும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னாலும் சரிதான்.

இனி சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்காதீர்கள். இருபதா இருபத்தொன்றா என்று தோன்றினால் இருபது என்று குறைந்ததை வைத்துக்கொண்டு தொடருங்கள். தொழுகையில் ரக்அத்தில் சந்தேகம் வந்தால் உறுதியானதை வைத்துத் தொடர்கிறோம் அல்லவா, அதே வழிதான். ஆனால் தொழுகை முடிந்துவிட்டதால் இதற்கு ஸஜ்தா ஸஹ்வு எதுவும் கிடையாது. அப்படிச் செய்து ஒன்று கூடிப்போனாலும் குற்றமில்லை.