பத்துக்குப் பத்து அறையில் சிப்பிக்காளான்

கேள்வி: ஓமலூர் அருகே கிராமம். பட்டம் முடித்து வேலை இல்லை. வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. காளானா, தேனீயா, எதில் தொடங்கலாம்?

சிப்பிக்காளானில் தொடங்குங்கள். தேனீப் பெட்டிக்கு இடம் அதிகம் வேண்டாம். ஆனால் இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் மேயும் என்பதால், அந்த வட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் ஏதாவது பூத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலேயே கோடை மழைக்குப் பின் வரும் பூ சில நாட்களில் உதிர்ந்துவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது அறை. அதற்கு ஏற்றது காளான்.

காளானில் வெற்றியும் தோல்வியும் வைக்கோலின் ஈரத்தில்தான் இருக்கின்றன. மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, சுத்தமான விரிப்பில் நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியும்போது நீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும், அதுதான் பதம். அவசரப்பட்டு ஈரமாகவே காளான் விதையோடு பையில் அடைத்தால், காளானின் வெண்ணிறப் பூசணம் பரவ வேண்டிய இடத்தில் சில நாட்களிலேயே பச்சைத் திட்டு தெரியும். அத்தகைய பையை அறைக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள், இல்லையேல் அந்தப் பச்சைப் பூசணத்தின் வித்துகள் மற்ற பைகளுக்கும் பரவும்.

ஒரே நாளில் ஐம்பது பை போடுவது பலரும் செய்யும் தவறு. பறித்த சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாளைத் தாண்டாது என்பதால், விளைச்சல் மொத்தமாக வந்தால் விலையைக் குறைத்தேனும் தள்ளிவிட நேரும். மாறாக, தினமும் பைக்கு ஒரு கிலோ உலர் வைக்கோல் வீதம் இரண்டு பைகள் மட்டும் போடுங்கள். பூசணம் பரவ இரண்டு, மூன்று வாரம், பிறகு மூன்று அறுவடை என ஒரு பைக்கு ஏறத்தாழ 45 நாட்கள் ஆகும். ஆகவே அறையில் எப்போதும் 90 பைகள் உறிகளில் தொங்கும். பைக்கு அரை கிலோ முதல் முக்கால் கிலோ எனக் கொண்டால், நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலங்கள் ஐந்து முதல் ஏழு வரை கிடைக்கும். இது முழுச் சம்பளம் ஆகாது. ஆனால் ஓமலூரில் இரண்டு, மூன்று கடைகளிலேயே விற்றுவிடக்கூடிய அளவு. முதல் பை போடும் முன்பே அந்தக் கடைக்காரர்களிடம் பேசிவிடுங்கள்.

காம்பு நீண்டு குடை சிறுத்து வந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்; ஈ புகாதபடி வலையடித்த சன்னலைத் திறந்து வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலைச் சிப்பிக்காளான் தாங்காது. ஆகவே ஆடிக்குப் பின் தொடங்கி மாசி வரை இதை நடத்தி, கோடையில் வெப்பத்தை விரும்பும் பால்காளானுக்கு மாறுங்கள். அதற்குப் பைமேல் வேகவைத்த மண் பரப்பும் கூடுதல் வேலை உண்டு. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கேட்கும்போது அதையும் சேர்த்தே கேளுங்கள்.