மூன்று கிளை, மூன்று சராசரி: 178ஆ, 186ஆ?

கேள்வி: கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் டீக்கடையும் பேக்கரியும் நடத்தும் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரே மொத்த வியாபாரியிடம் டஸ்ட் டீ வாங்குகிறோம். அவருக்கு மூன்று ஊரிலும் கிளை உண்டு. மாதச் சராசரி விலை கிலோ 180 ரூபாயைத் தாண்டினால், தாண்டியதை மொத்தக் கிலோவுக்கும் கணக்கிட்டுத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாத ரிப்போர்ட்டில் ஊட்டி 192, குன்னூர் 170, கோத்தகிரி 172, ஆகச் சராசரி 178 என்று போட்டு, தர வேண்டியது ஒன்றுமில்லை என்கிறார். என் தம்பி ஒவ்வொரு கிளையின் கிலோவோடும் பெருக்கிப் பார்த்து 186.63 வருகிறது, 5,300 ரூபாய் வர வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி? பில்களின் நகலை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்களுக்கு வர வேண்டியது 1,740 ரூபாய்.

முதலில் வியாபாரியின் கணக்கு. 192, 170, 172 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருக்கிறார். ஊட்டியில் நீங்கள் வாங்கியது 600 கிலோ, கோத்தகிரியில் வெறும் 50. அவர் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அதிகச் சரக்கு போன இடத்தில்தான் விலையும் அதிகம் என்பதால், சராசரி உங்களுக்கு எதிராக இறங்கிவிட்டது. இதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளைகளிலிருந்து சராசரி மட்டுமே வந்தால் கணக்கெழுதுபவரின் கை தானாக இதைத்தான் செய்யும்.

உங்கள் தம்பி இதைக் கண்டுபிடித்துவிட்டார், கெட்டிக்காரர். ஆனால் ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டார். அந்த 192 எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய ஒன்பது பில்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

| கிளை | கிலோ | ரேட் | தொகை |
|---|---|---|---|
| ஊட்டி | 50 | 204 | 10,200 |
| ஊட்டி | 50 | 200 | 10,000 |
| ஊட்டி | 250 | 184 | 46,000 |
| ஊட்டி | 250 | 180 | 45,000 |
| குன்னூர் | 100 | 175 | 17,500 |
| குன்னூர் | 30 | 170 | 5,100 |
| குன்னூர் | 20 | 165 | 3,300 |
| கோத்தகிரி | 30 | 176 | 5,280 |
| கோத்தகிரி | 20 | 168 | 3,360 |

ஊட்டியின் நான்கு ரேட்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 192. ஆக, கிளைச் சராசரியே கிலோவைப் பார்க்காமல் போட்டதுதான். 204 ரூபாய்க்கு வாங்கியது 50 கிலோ, 180 ரூபாய்க்கு வாங்கியது 250 கிலோ. ஊட்டிக்கு நீங்கள் கொடுத்த மொத்தப் பணம் 1,11,200. அதை 600 கிலோவால் வகுத்தால் 185.33தான் வருகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கதை மாறுகிறது. அங்கே பெரிய பில்லில்தான் ரேட் கூடுதல். அதனால் உண்மைச் சராசரி 172.67, 172.80 என்று ரிப்போர்ட்டில் உள்ளதைவிடக் கொஞ்சம் ஏறுகிறது. தவறான 192ஐ 600ஆல் பெருக்கியதால்தான் தம்பியின் விடை அந்தப் பக்கம் எகிறிவிட்டது. பெருக்கிக் கூட்டும் முறையில் பிழையில்லை, பெருக்கிய எண்ணில்தான் பிழை.

சரி, எப்படிப் போடுவது? தொகைகளைக் கூட்டலாம், கிலோவைக் கூட்டலாம், ரேட்டைக் கூட்டக் கூடாது. மேலே உள்ள தொகை மொத்தம் 1,45,740. கிலோ மொத்தம் 800. வகுத்தால் கிலோ 182.18 (சரியாகச் சொன்னால் 182.175). 180 ரூபாய் வீதம் 800 கிலோவுக்கு 1,44,000. அதற்கு மேல் நீங்கள் கொடுத்தது 1,740.

எக்செலில் போடுவதென்றால் கிளை A, கிலோ B, ரேட் C, தொகை D என்று வைத்துக்கொண்டு, இரண்டில் ஏதாவது ஒன்றைத் தட்டுங்கள். விடை ஒன்றே.

```
=SUM(D2:D10)/SUM(B2:B10)
=SUMPRODUCT(B2:B10,C2:C10)/SUM(B2:B10)
```

இரண்டு விடைகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு பில்லில் கிலோவை ரேட்டால் பெருக்கியது தொகையோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்த வரியைத் தேடுங்கள். `=AVERAGE(C2:C10)` என்று ஒன்பது ரேட்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பது உதவாது. அதில் 180.22 வருகிறது, அதுவும் தப்பு. பிவட் டேபிளில் ரேட்டுக்குச் சராசரி கேட்டாலும் அடியில் இதே 180.22தான் வரும். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் நம்பிவிடுவோம்.

கிளைவாரியாகப் பார்க்க ஆசைப்பட்டால்:

```
=SUMIF(A2:A10,"ஊட்டி",D2:D10)/SUMIF(A2:A10,"ஊட்டி",B2:B10)
```

இதில் நம் மலைக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. ஒரு பில்லில் ஊட்டி, இன்னொன்றில் உதகை என்று எழுதியிருப்பார்கள். எக்செலுக்கு இரண்டும் வேறு ஊர், அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பெயருக்குப் பின்னால் தட்டிய ஒரு இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். கிளைவாரிக் கிலோக்களைக் கூட்டினால் 800 வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சரக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அதையும் ஒரு வரியாக, கிலோ, தொகை இரண்டிலும் கழித்தல் குறியோடு எழுதுங்கள். ரேட்டுகளின் சராசரி எடுப்பவருக்குத் திருப்பிய மூட்டையும் இன்னொரு விற்பனையாகவே தெரியும்.

ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் பார்க்க ஒரு சுருக்கமான சோதனை சொல்கிறேன். அதில் சொன்ன சராசரியை மொத்தக் கிலோவால் பெருக்குங்கள். நீங்கள் உண்மையில் கட்டிய பணம் வர வேண்டும். வியாபாரியின் 178ஐ 800ஆல் பெருக்கினால் 1,42,400. நீங்கள் கட்டியதோ 1,45,740. இந்த 3,340 ரூபாய் எங்கே என்று கேட்டாலே போதும், அதற்கு மேல் கணக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிளைகள் எல்லாவற்றிலும் கிலோ சமமாக இருந்து, ஒவ்வொரு கிளையின் சராசரியும் தொகையைக் கிலோவால் வகுத்து வந்ததாக இருந்தால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது தப்பில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டும் இல்லை.

வியாபாரியிடம் பேசும்போது, 5,300 என்ற பேச்சை முதலில் நீங்களே வாபஸ் வாங்குங்கள். உங்கள் தவறை நீங்கள் ஒத்துக்கொண்டால் அவருடையதை ஒத்துக்கொள்வது அவருக்கு எளிது. அடுத்த மாதத்திலிருந்து கிளைக்குக் கிளை சராசரி வேண்டாம், மொத்தக் கிலோவும் மொத்தத் தொகையும் மட்டும் தாருங்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டும் இருந்தால் எல்லா பில்லையும் கேட்க வேண்டிய அவசியமே இராது. ஒப்பந்தத் தாளிலும் ‘மாதச் சராசரி விலை’ என்பதற்குப் பக்கத்தில் ‘அந்த மாதம் வாங்கிய மொத்தத் தொகையை மொத்தக் கிலோவால் வகுத்து வருவது’ என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தொகை ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். தேயிலைக்கு 5 சதவீத வரி. 180 ரூபாய் வரியில்லாத விலையாக இருந்து, நீங்கள் வரியோடு கூட்டினால், கிலோவுக்கு ஒன்பது ரூபாய் சும்மாவே ஏறிவிடும். மேலே உள்ள பட்டியலில் வரியில்லாத தொகையை எடுத்திருக்கிறேன்.