மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 47 வயதுங்க டாக்டர். சோமனூரில் சொந்தத் தறி வைத்திருக்கிறேன். காலை 5 மணிக்குத் தறிக்குடோனுக்குப் போனால் இரவு பத்தரை வரை வேலை இருக்கும். மதியம் ஒன்றரைக்கு வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தால், இரண்டரைக்கெல்லாம் கண்ணைச் சொக்குகிறது. தறியில் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்ததுகூடத் தெரிவதில்லை. அரிசிம்பருப்பு ஆக்குகிற நாளில் இன்னும் மோசம். ரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடுவதால் இப்படி என்கிறார் ஒருவர். சர்க்கரை வந்திருக்கும் என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். எது சரிங்க?
- வாசகர், சோமனூர்

பதில்: ரத்தத்தைப் பற்றிய பேச்சில் பாதிதான் உண்மை. உணவு உள்ளே போனதும் இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் ரத்தத்தின் அளவு கணிசமாகக் கூடுகிறது என்பது சரியே. ஆனால் அந்த ரத்தம் மூளையின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை. இதயம் சற்றுக் கூடுதலாக ரத்தத்தை வெளியேற்றுகிறது, மற்ற இடங்களில் ரத்தக் குழாய்கள் சிறிது சுருங்குகின்றன. மூளையோ தன்னிடம் வரும் ரத்தத்தின் அளவைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடையது. உங்கள் வயதில் உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்குச் சாப்பாட்டினால் மூளைக்கு ரத்தம் குறைந்து தூக்கம் வருவதில்லை. முதியவர்களில் சிலருக்கும், நெடுநாள் சர்க்கரை நோயோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர்களுக்கும் இந்த ஈடுகட்டல் தவறக்கூடும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுடைய மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கலாம். ஆனால் அவர்களுக்கு வருவது தூக்கம் மட்டுமன்று. எழுந்து நின்றால் தலை சுற்றும், கண் இருட்டும், சிலர் விழுந்தும்விடுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது அப்படி நேர்ந்தால், சாப்பாட்டுக்கு முன்பு ஒருமுறையும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு வருவது வேறு. அந்தத் தூக்கத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கு முன்பே உங்களுக்குள் சேர்ந்திருக்கிறது. சாப்பாடு அதை வெளியே கொண்டுவருகிறது. சாப்பாடு பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூட்டவும் செய்கிறது.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். இரவில் நன்றாகத் தூங்கினால்தான் அது கரையும். இதற்கு எதிராக, நம்மை விழிப்பில் வைத்திருக்க உடலின் உள்கடிகாரம் பகல் முழுவதும் ஒரு தூண்டுதலைக் கொடுக்கிறது. பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் அந்தத் தூண்டுதலால் அடினோசினின் அழுத்தத்தை முழுமையாக ஈடுகட்ட முடிவதில்லை. மாலையில் அந்தத் தூண்டுதல் மீண்டும் வலுப்பெறுகிறது. இரண்டரை மணிக்குச் சொக்கிய கண், தூங்காமல் தாக்குப்பிடித்துவிட்டால் ஐந்து மணிக்குத் தானாகத் தெளிவதை நீங்களே கண்டிருப்பீர்கள். உணவுதான் முழுக் காரணம் என்றால் இப்படித் தெளிவதை விளக்குவது கடினம். மதியம் சாப்பிடாதவர்களிடமும் இந்தப் பிற்பகல் தொய்வு காணப்படுகிறது. ஓட்டுநர் கண் அயர்ந்து நேரும் சாலை விபத்துகள் விடியற்காலையில் அதிகமாகவும், அதற்கு அடுத்தபடியாகப் பிற்பகலிலும் நேர்வது இதனால்தான். துணியை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்கு நீங்களே வண்டி ஓட்டுவதாக இருந்தால், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தத் தொய்வின் மேல் சாப்பாடு வந்து சேரும்போது என்ன நடக்கிறது? இரைப்பை நன்றாக விரியும்போது அந்தச் செய்தி வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குப் போகிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் அங்கே கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. நிறைவையும் அமைதியையும் தருவதில் இதற்குப் பங்கு உண்டு. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில், நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது இந்தச் செல்கள் அடங்குவதும், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் அவற்றைத் தூண்டுவதும் எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. மனிதரிடமும் இதே அளவில் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் சோறு மிகுந்து பருப்பும் காயும் குறைந்த சாப்பாட்டுக்குப் பின் மயக்கம் கூடுவதை இது ஓரளவு விளக்குகிறது.

அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பு இருக்கிறதே, பிறகு ஏன் அந்த நாளில் மோசமாகிறது என்று நீங்கள் நினைக்கலாம். அதன் அளவைப் பாருங்கள். வெந்து குழைந்து, சுடச்சுட நெய் விட்ட சோறு மெல்லும் வேலையே இல்லாமல் இறங்கிவிடுவதால், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது தெரிவதற்குள் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டிருப்போம். தறி வேலை பார்க்கும் ஒருவர் பசியோடு உட்கார்ந்தால் 200 கிராம் அரிசியும் 50 கிராம் துவரம்பருப்பும் போட்டு ஆக்கிய சோற்றை இரண்டு பெரிய கரண்டி நெய்யோடு சாப்பிட்டுவிடுவது இயல்பு. அரிசியில் ஏறத்தாழ 700 கலோரி, பருப்பில் 170, நெய்யில் 250 என்று கூட்டினால் 1100 கலோரியைத் தாண்டுகிறது. இதில் மாவுச்சத்து மட்டுமே 180 கிராமுக்கு மேல். புரதம் 25 கிராம் அளவில்தான் இருக்கும். அரிசியைப் பாதியாகக் குறைத்து, பருப்பை அப்படியே விட்டு, ஒரு கரண்டி நெய்யோடு ஒரு கிண்ணம் பொரியலும் ஒரு முட்டையும் சேர்த்துக்கொண்டால் அதே சாப்பாடு ஏறத்தாழ 800 கலோரியில் அடங்கும். முட்டை சாப்பிடாதவர் கொள்ளுப் பருப்பு வைத்துக்கொள்ளலாம். குறைத்ததால் வரும் பசியை நாலரை மணிக்கு ஒரு கை வேகவைத்த நிலக்கடலையால் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆக, அரிசிம்பருப்பை நீங்கள் விட வேண்டியதில்லை; இரண்டாம் முறை போட்டுக்கொள்வதை விட்டால் போதும்.

இருந்தாலும் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது சாப்பாடு அன்று, இரவுதான். பத்தரைக்கு வேலை முடித்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க பதினொன்றரை ஆகும். ஐந்து மணிக்குக் குடோனில் இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழ வேண்டும். இடையில் இருப்பது ஐந்து மணி நேரம். உங்கள் வயதில் உள்ளவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒவ்வோர் இரவும் இரண்டு மணி நேரம் குறைந்துகொண்டே வந்தால், பிற்பகலில் எல்லோருக்கும் வரும் சிறு தொய்வு உங்களுக்குத் தாங்க முடியாத தூக்கமாகத்தான் வரும்.

எது எவ்வளவு என்பதை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். முதல் நான்கு நாள் இரவுத் தூக்கத்தில் எதையும் மாற்றாமல், மதியச் சாப்பாட்டை மட்டும் மேலே சொன்னபடி குறையுங்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, ஐந்து ஆகிய மணிகளில் தூக்கம் எவ்வளவு என்று பத்துக்கு ஓர் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நான்கு நாள் பழைய அளவில் சாப்பிட்டுவிட்டு, மாலை வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்து ஒன்பதரைக்குப் படுத்து ஏழு மணி நேரம் தூங்குங்கள். காபி, டீயின் அளவையும் நேரத்தையும் எட்டு நாளும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும். முதல் பகுதியில் இரண்டரை மணி எண் இரண்டாம் பகுதியைவிட நன்றாக இறங்கியிருந்தால் உணவின் பங்கு பெரிது. இரண்டாம் பகுதியில்தான் இறங்குகிறது என்றால், நீங்கள் சரிசெய்ய வேண்டியது இலையை அன்று, படுக்கும் நேரத்தை.

சர்க்கரையைப் பொறுத்தவரை, மதியத் தூக்கத்தை மட்டும் வைத்து யாருக்கும் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது. சர்க்கரை இல்லாதவருக்கும் இது வரும். ஆனால் 47 வயதில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-க்குக் கீழும் இருந்தால் கவலை இல்லை. வெறும் வயிற்றில் 126-ஐ, அல்லது எச்பிஏ1சி 6.5-ஐ எட்டியிருந்தால், மறுபடி ஒரு பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். இடையில் இருந்தால் அது எல்லைக்கோடு. அங்கே சோற்றைக் குறைப்பதும் சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடப்பதும் இரட்டிப்புப் பயன் தரும்.

தறிக்குடோன்களில் வேலை செய்பவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பஞ்சுத் தூசியால் வரும் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? செட்டிரிசின், குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. காலையில் போட்ட மாத்திரையின் மயக்கம் மதியத் தொய்வோடு சேர்ந்துகொள்ளும். அப்படிப் போடுவதாக இருந்தால், தூக்கம் குறைவாகத் தரும் மாற்று மருந்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இந்த எட்டு நாள் முடியும் வரை, சாப்பிட்ட கையோடு இருபது நிமிடம் அலாரம் வைத்துப் படுத்து எழுந்து தறிக்குப் போங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்தபின் முன்னைவிட மந்தமாக இருக்கும். படுப்பதற்குச் சற்று முன் காபி குடித்தால், எழும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் மூன்று மணிக்குப் பிறகு காபி வேண்டாம். அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். கண் சொக்கும்போது ஓடும் தறியில் அறுந்த இழையைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், நிறுத்திவிட்டு எடுங்கள்.

உணவைக் குறைத்து, ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் தூக்கம் விடவில்லை, அல்லது சாப்பாட்டுக்கு முன்பே காலை பத்து மணிக்கெல்லாம் கண் சொக்குகிறது என்றால், தைராய்டு, ரத்த சோகை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், இரவில் நீங்கள் உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா, காலையில் வாய் வறண்டு தலை வலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயின் அடையாளங்கள் இவை. இந்நோய் இருப்பவர் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் மூளைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மூச்சு நின்றதா என்பது பெரும்பாலும் தூங்குபவருக்குத் தெரியாது. ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இரவில் உங்கள் அருகே படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.