சரிவும் குமிழியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். பங்குச்சந்தை பத்து சதவீதம் விழுந்தால் கரெக்‌ஷன், இருபது விழுந்தால் கரடிச் சந்தை என்று பாடத்தில் இருக்கிறது. அதை நடத்தி முடித்ததும் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப விழுறது சாதாரணமா, இல்ல குமிழி உடையுதா? எப்படித் தெரியும்?" எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எண்களோடு வகுப்பில் காட்டக்கூடிய அடையாளங்கள் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பத்து, இருபது கணக்கைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள். எவ்வளவு விழுந்தது என்பதற்கு வைத்த பெயர்கள் அவை. ஏன் விழுந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. ஆனாலும் அந்த ஆண்டைத் தொடங்கிய இடத்துக்குச் சற்று மேலேதான் முடித்தது. இரண்டு ஆண்டுக்குள் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீட்டின் இரண்டு வரைபடங்களை எடுத்து, தேதியையும் எண்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். ஒன்று 1998 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஏறத்தாழ 2014 புள்ளியிலிருந்து 1419க்கு இறக்கம், அதாவது 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்றது 2000 மார்ச் 10 முதல் ஏப்ரல் 14 வரை. 5048இலிருந்து 3321க்கு இறக்கம், 34 சதவீதம். எது குமிழி உடைந்த படம் என்று கேளுங்கள். படத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முதலாவது அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே புதிய உச்சம் தொட்டது. இரண்டாவது 2002 அக்டோபரில் 1114 வரை போனது, மொத்தம் 78 சதவீதம். பழைய உச்சத்துக்குத் திரும்ப 2015 ஆனது.

படத்தில் இல்லாதது என்ன? 1998இல் அடி வெளியிலிருந்து வந்தது. ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்றது. அந்த அதிர்ச்சியில், பெருங்கடன் வாங்கிச் சந்தையில் பந்தயம் கட்டியிருந்த எல்டிசிஎம் என்ற பெரிய அமெரிக்க நிதியம் சாய்ந்தது. எல்லோரும் பயந்து விற்றார்கள். ஆனால் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்தவில்லை. அமெரிக்க மத்திய வங்கி மூன்று முறை வட்டியைக் குறைத்தது, பயம் தணிந்தது, விலை திரும்பியது. 2000இல் அப்படிக் கைகாட்ட வெளியே ஒரு ரஷ்யா இல்லை. என்ன நடந்தது என்று பார்க்க ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்: சிஸ்கோ.

வேண்டுமென்றேதான் இந்த நிறுவனம். குமிழி என்றதும் எல்லோரும் காணாமல்போன டாட்காம் கம்பெனிகளைக் காட்டுவார்கள். அதனால் மாணவர்கள், குமிழி என்றால் போலி நிறுவனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிஸ்கோ நல்ல நிறுவனம். இணையத்துக்கு வேண்டிய ரவுட்டர்களைச் செய்தது, உண்மையிலேயே லாபம் பார்த்தது. 2000 மார்ச் கடைசியில் அதன் சந்தை மதிப்பு சுமார் 550 பில்லியன் டாலர், அன்று உலகிலேயே அதிகம். அந்த நிதியாண்டின் நிகர லாபம் சுமார் 2.7 பில்லியன்.

இப்போது விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அன்று பங்கு வாங்கியவர் ஆண்டுக்கு 10 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பத்து ஆண்டில் 550 பில்லியன் 1,430 பில்லியன் ஆக வேண்டும். அதற்குள் நிறுவனம் முதிர்ந்து, லாபத்தைப் போல 20 மடங்கு விலைக்கு வந்துவிடும் என்றால், லாபம் ஆண்டுக்கு 71 பில்லியனுக்கு மேல் இருக்க வேண்டும். 2.7 எங்கே, 71 எங்கே? பத்து ஆண்டு தொடர்ந்து, ஆண்டுக்குச் சுமார் 39 சதவீத வளர்ச்சி. 2010 நிதியாண்டில் சிஸ்கோவின் உண்மையான லாபம் 7.8 பில்லியன். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளர்ந்திருக்கிறது, எந்த நிறுவனத்துக்கும் பெருமைதான். அந்தப் பத்தாண்டில் டிவிடெண்டும் தரவில்லை. உச்சத்தில் வாங்கியவர் பணத்தில் பெரும்பகுதியை இழந்தார். லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை என்று காட்டும் பி.இ. விகிதம் அதிகம் என்று சொல்வதைவிட, இந்த விலை நியாயமாக என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று கேட்க வைப்பது மாணவர்கள் மனதில் நிற்கும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு இரண்டு ஓட்டை உண்டு. அதையும் சொல்லிவிடுங்கள். முதலாவது, எப்போது விழும் என்று அது சொல்லாது. அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பரிலேயே சந்தையின் மிதமிஞ்சிய உற்சாகத்தைப் பற்றி எச்சரித்தார். அன்று நாஸ்டாக் 1300. அதன்பின் மூன்றேகால் ஆண்டு ஏறி ஏறி ஏறத்தாழ நான்கு மடங்கானது. (2002இல் அவர் பேசிய நாளின் அளவுக்கும் கீழே போனது வேறு விஷயம். நடுவில் அவரை நம்பி விற்றவர்கள் அவரைத் திட்டியிருப்பார்கள்.) இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. லாபமே குமிழிக்குள் இருந்தால் விகிதம் மலிவாகவே தெரியும். 2007இல் அமெரிக்க வங்கிப் பங்குகளின் பி.இ. ஒன்றும் பயமுறுத்தும்படி இல்லை. வீட்டுக் கடனில் வந்த லாபம் பொய்யென்று தெரிந்தபோது, வகுக்கும் எண்ணே காணாமல்போனது.

அதனால் ஒரே ஒரு அடையாளம்தான் கற்பிக்க நேரம் உண்டு என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: விலையோடு சேர்ந்து விற்பனையும் லாபமும் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், அந்த விற்பனைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

சிஸ்கோவிடம் ரவுட்டர் வாங்கியவர்களில் பலர் புதிதாக முளைத்த தொலைத்தொடர்பு நிறுவனங்கள். அவர்களுக்கு இன்னும் பெரிய வருமானம் இல்லை. கடன் பத்திரம் விற்றும், சந்தையில் பங்கு வெளியிட்டும் திரட்டிய பணத்தில்தான் கருவி வாங்கினார்கள். சிலருக்குச் சிஸ்கோவே கடன் கொடுத்துத் தன் சரக்கை விற்றது. ஆக, ஏறிய பங்கு விலை வாடிக்கையாளர் கையில் பணமாகி, சிஸ்கோவின் விற்பனையாகி, அதைக் காட்டிப் பங்கு விலை மறுபடி ஏறியது. வட்டம் மேலே சுற்றும்வரை எல்லாக் கணக்கும் சரியாகவே இருக்கும். பங்கு விலை விழுந்ததும் வாடிக்கையாளருக்குப் பணம் கிடைப்பது நின்றது. 2001 ஜனவரியில் முடிந்த காலாண்டில் சுமார் 6.7 பில்லியன் டாலர் இருந்த விற்பனை, அடுத்த காலாண்டிலேயே 4.7 பில்லியன் ஆனது. விற்காமல் தேங்கிய சரக்குக்காக 2 பில்லியனுக்கு மேல் நஷ்டம் எழுதினார்கள். 80 டாலர் தொட்ட பங்கு 2002இல் 10 டாலருக்கும் கீழே போனது.

கரெக்‌ஷனில் விலை விழும், லாபம் பெரும்பாலும் நிற்கும். எனவே பங்கு மலிவாகிறது, காத்திருந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். குமிழி உடையும்போது விலையும் லாபமும் ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன. பாதி விலைக்கு வந்தபின்னும் பங்கு மலிவாகாது. இதைக் கண்டுபிடிக்க ரகசியத் தகவல் எதுவும் வேண்டாம், காலாண்டு அறிக்கை போதும். விற்பனையைவிட வரவேண்டிய பாக்கி வேகமாக வளர்கிறதா, லாபம் காட்டும் நிறுவனத்துக்குத் தொழிலிலிருந்து ரொக்கமும் வருகிறதா, சரக்கிருப்பு ஏறுகிறதா, பெரிய வாடிக்கையாளர்கள் சொந்த வருமானத்தில் வாங்குகிறார்களா? இதை மாணவர்கள் ஒரு மதியத்தில் செய்துவிடுவார்கள்.

அப்புறம் கடன். மார்ஜினில் பங்கு வாங்குவதன் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்க விதிப்படி 100 டாலர் பங்கை 50 சொந்தப் பணம், 50 கடன் என்று வாங்கலாம். அதன்பின் பங்கின் மதிப்பில் சொந்தப் பணத்தின் அளவு 25 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. விலை 66.67க்கு இறங்கும்போது கடன் அதே 50, மீதி 16.67, அதாவது சரியாக 25 சதவீதம். அதற்குக் கீழே ஒரு காசு இறங்கினாலும் தரகர் பணம் கேட்பார், கொடுக்காவிட்டால் விற்றுவிடுவார். தரகர் 40 சதவீதம் கேட்பவராக இருந்தால் 83.33இலேயே அந்த நிலை வந்துவிடும். ஆக, 17 முதல் 33 சதவீத வீழ்ச்சிக்குள் விருப்பமில்லாதவர்களும் விற்க ஆரம்பிக்கிறார்கள். கையில் உள்ள நல்ல பங்கும் சேர்ந்தே போகிறது. நியூயார்க் பங்குச்சந்தை உறுப்பினர்களிடம் இருந்த மார்ஜின் கடன் 1998 இறுதியில் சுமார் 140 பில்லியன், 2000 மார்ச்சில் சுமார் 278 பில்லியன். இருந்தாலும் இந்த அடையாளத்துக்கு நான் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். விலை ஏறினால் மார்ஜின் கடனும் தானாக ஏறும். கட்டாய விற்பனை 2020 மார்ச்சிலும் நடந்தது. எஸ் அண்ட் பி 500 குறியீடு 34 சதவீதம் விழுந்து, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்துக்கு வந்துவிட்டது. எவ்வளவு வேகமாக விழும் என்பதைக் கடன் சொல்லும். எது உடைந்தது என்பதற்கு மறுபடி விற்பனையிடம்தான் போக வேண்டும்.

இடையில் வரும் மீட்சியைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நாஸ்டாக் 2000 மே 23 அன்று 3164, செப்டம்பர் 1 அன்று 4234. மூன்று மாதத்தில் 34 சதவீத ஏற்றம். படத்தை அங்கே நிறுத்திக் கேட்டால் வகுப்பே "முடிந்துவிட்டது" என்று சொல்லும். 3164இலிருந்து 5048க்குத் திரும்ப 60 சதவீதம் ஏற வேண்டும் என்ற கணக்கை அப்போது போடச் சொல்லுங்கள். அந்த ஆண்டு முடிவில் குறியீடு 2470.

முதல் சில வாரங்களில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த காலாண்டு அறிக்கை வரும்வரை முக்கியமான சாட்சி இன்னும் பேசவில்லை. எனவே அடுத்த முறை சந்தை பத்து சதவீதம் விழும்போது, ஆளுக்கொரு பெரிய நிறுவனத்தைக் கொடுத்து, கரெக்‌ஷனா குமிழியா என்று தேதி போட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்த எண் எந்த அளவுக்கு மாறினால் தன் முடிவை மாற்றிக்கொள்வேன் என்பதையும் அதில் எழுத வேண்டும். தாள்களை வாங்கிப் பூட்டி வையுங்கள். இரண்டு காலாண்டு அறிக்கைகள் வந்தபின் திருப்பிக் கொடுத்து, அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும்.

அன்புடன்.