கேட்காமல் சேர்த்த ஊர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்து அறிவிக்கை வந்துவிட்டது. இனி நூறு நாள் வேலை கிடையாது, வீட்டு வரியும் ஏறும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்குப் போடலாம் என்று போனால் வக்கீல், "இது கண்டிஷனல் லெஜிஸ்லேஷன், உங்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். டெலிகேட்டட் லெஜிஸ்லேஷன் என்றால் மட்டும் கேட்பார்களா? இரண்டிலும் அரசுதானே கையெழுத்துப் போடுகிறது? எல்லாம் ஆளுங்கட்சி அரசியல். கோர்ட்டுக்குப் போவதில் பயன் உண்டா?

ச.

அன்புள்ள தம்பி,

ஆளுங்கட்சி பற்றி நீங்கள் எழுதியதை விட்டுவிடுகிறேன். அதை வைத்து மனு எழுத முடியாது. கையெழுத்து அரசுடையதுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியைத்தான் சில வாரங்களாக நானும் மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து ஒன்றுதான். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன் சட்டமன்றம் எவ்வளவு வேலையை முடித்து வைத்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு. சட்டம் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது, எங்கே, எப்போது, எந்த நிலை வந்தால் அது பாயும் என்பதை மட்டும் அரசிடம் விட்டிருக்கிறார்கள் என்றால் அது உங்கள் வக்கீல் சொன்ன கண்டிஷனல் லெஜிஸ்லேஷன், அதாவது நிபந்தனைச் சட்டம். 1869இல் வடகிழக்கில் உள்ள காரோ மலைக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பக்கத்துக் காசி, ஜைந்தியா மலைகளுக்கும் நீட்டிக்கும் அதிகாரத்தை வங்காளத்தின் துணை ஆளுநருக்கு விட்டிருந்தார்கள். சட்டமன்றத்தின் அதிகாரத்தை ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கலாமா என்று வழக்கு போய், அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1878இல் கொடுக்கலாம் என்றது. துணை ஆளுநர் எதையும் புதிதாக எழுதவில்லை, எழுதி முடித்ததை எங்கே செலுத்துவது என்று மட்டும் முடிவு செய்தார் என்பது அதன் காரணம்.

சட்டத்தின் உள்ளடக்கத்திலேயே ஒரு பகுதியை எழுதிக்கொள் என்று விட்டால் அது டெலிகேட்டட். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில நோய்களைச் சொல்லிவிட்டு, 'விதிகளில் குறிப்பிடப்படும் வேறு எந்த நோயும்' என்று சேர்த்திருந்தார்கள். எந்த நோயைச் சேர்க்கலாம், எதைக் கூடாது என்று ஒரு வரி வழிகாட்டல் இல்லை. 1959இல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை வெட்டி எறிந்தது. பிறகு 1963இல் திருத்தம் வந்தது. உரிய நேரத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய், அல்லது ஏற்கப்பட்ட மருந்து இல்லாத நோய் என்றால்தான் சேர்க்கலாம், அதுவும் நிபுணர்களைக் கலந்துகொண்டுதான் என்று எழுதினார்கள். வழக்கு அந்த வேலியைப் போட வைத்தது.

வழக்கு என்று வரும்போது இந்த வேறுபாடு எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். டெலிகேட்டட் என்றால் இரண்டு இடத்தில் அடிக்கலாம்: அதிகாரம் கொடுத்த பிரிவே அளவு மீறியது என்று சொல்லலாம், எழுதப்பட்ட விதி அந்தப் பிரிவைத் தாண்டிவிட்டது என்றும் சொல்லலாம். நிபந்தனைச் சட்டத்தில் முதல் அடிக்கு இடமே இல்லை. சட்டமியற்றும் வேலை எதுவும் கைமாறவில்லையே! நிபந்தனை உண்மையில் நிறைவேறியதா, சொன்ன நடைமுறைப்படி செய்தார்களா என்ற கேள்விகள்தான் பெரும்பாலும் மிச்சம்.

மக்களைக் கேட்பார்களா என்கிறீர்கள். தம்பி, டெலிகேட்டட் என்றாலும் கேட்க மாட்டார்கள்! விதி செய்யும்போது ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்கும் கடமை, மூலச் சட்டம் சொன்னால் ஒழிய, பொதுவாக அரசுக்குக் கிடையாது. ஆகவே உங்கள் வக்கீல் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி.

துல்சிபூர் சர்க்கரை ஆலை வழக்கை மனதில் வைத்துத்தான் அவர் பேசியிருப்பார். உத்தரப் பிரதேசத்தில் ஆலை இருந்த கிராமத்தைப் பக்கத்து ஊரின் எல்லைக்குள் சேர்த்தார்கள், எங்களைக் கேட்கவில்லை என்று ஆலை வழக்குப் போட்டது. உங்கள் கதையேதான். 1980இல் உச்ச நீதிமன்றம், இது நிபந்தனைச் சட்டம், பாதிக்கப்படுபவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதி இங்கே வராது என்றது. பல வக்கீல்கள் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நான் ஜூனியராக இருந்த அலுவலகத்தில் ஒரு சீனியர் இருந்தார். மனுவில் 'இயற்கை நீதி மீறப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போனால் சிவப்பு மையால் அடிப்பார். "பிரிவைப் படி. அதில் அரசு எதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும் என்று இருக்கிறது?" பதில் வராவிட்டால் உட்காரச் சொல்லவும் மாட்டார். நின்றுகொண்டே படித்த பிரிவுகள்தான் இன்றும் எனக்கு மனப்பாடம்.

அவர் கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொன்ன வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது: தமிழ்நாடு அரசு எதிர் சபாநாயகம். அப்போதிருந்த போனஸ் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் நிதிநிலையையும் பிற சூழ்நிலைகளையும் பார்த்து, பொதுநலன் கருதி அதற்கு விலக்குக் கொடுக்கலாம் என்றது. அதன்படி வீட்டுவசதி வாரியத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். நிபந்தனைச் சட்டம் எல்லாம் ஒரே வகை அல்ல, மூன்று வகை என்றது நீதிமன்றம். முதல் வகையில் முடிந்த சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டாவதில் நடப்பில் உள்ள சட்டத்தைச் சில இடங்களிலிருந்து விலக்குகிறார்கள். இந்த இரண்டிலும் யாரையும் கேட்க வேண்டாம். மூன்றாவது வேறு மாதிரி. ஒரு தரப்பு கணக்கைக் கொண்டுவந்து வைக்கிறது, அதை நம்பி அரசு திருப்தி அடைகிறது, எதிர்த் தரப்பு ஏற்கெனவே கையில் இருந்த சட்ட உரிமையை இழக்கிறது. அப்படியென்றால் இழப்பவரையும் கேட்டாக வேண்டும். நேரில் அழைக்காவிட்டாலும், எழுத்தில் ஆட்சேபணை சொல்ல வாய்ப்பாவது கொடுக்க வேண்டும். வாரியம் காட்டும் நஷ்டக் கணக்கு தப்பு என்று போனஸ் இழக்கும் தொழிலாளியைத் தவிர வேறு யார் சொல்வார்?

ஆக, 'கண்டிஷனல்' என்று பெயர் வைத்த கையோடு வழக்கு முடிவதில்லை. எந்த வகைக் கண்டிஷனல் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் பிறக்கிறது. உங்கள் வக்கீல் அதைக் கேட்காமலேயே உங்களை அனுப்பிவிட்டார். நீங்களும் திரும்பி வந்து அரசியல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் வழக்கு மூன்றாம் வகையில் சுலபமாக உட்காராது. துல்சிபூர் குறுக்கே நிற்கிறது, ஊர் எல்லை மாற்றுவதில் எதிரெதிர்த் தரப்புகளைக் காட்டுவதும் கடினம். நான் வேறு இடத்தில் தோண்டுவேன். அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவு, ஓர் இடத்தை நகர்ப்புறம் என்று அறிவிக்கும்போது ஆளுநர் கருதிப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், விவசாயமல்லாத வேலையில் இருப்போர் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம், இன்னும் பொருத்தமான பிற காரணிகள். கடைசிச் சொற்கள் அரசுக்கு நிறைய இடம் கொடுக்கின்றன, உண்மைதான். ஆனால் முன்னால் உள்ள ஐந்தையும் பார்க்கவே இல்லை என்று காட்ட முடிந்தால் அது வலுவான வாதம். ஊரில் முக்கால்வாசிப் பேர் வயலில் நிற்கிறார்கள், கோப்பில் அந்தச் சதவீதமே இல்லை என்றால், "எங்களைக் கேட்கவில்லை" என்பதைவிட அதற்குப் பலம் அதிகம். அப்புறம், உங்கள் அறிவிக்கை எந்தப் பிரிவின் கீழ் வந்தது, அந்தப் பிரிவு வரைவு வெளியிட்டு ஆட்சேபணை வாங்கச் சொல்கிறதா என்றும் பாருங்கள். சட்டமே சொன்ன நடைமுறையைத் தாண்டியிருந்தால், நிபந்தனைச் சட்டம் என்ற பெயர் அரசைக் காப்பாற்றாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். அறிவிக்கையின் நகலில் மேலே பிரிவு எண் இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு வக்கீலைப் பாருங்கள். தாமதம் செய்யாதீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும்.