சுகர் இல்லாதவருக்கு இனிப்பு சாப்பிட்டால் ஏன் கை நடுங்குகிறது? – கேள்வி பதில்

கோவை, 29 வயது: அக்கா, எனக்கு சுகர் இல்லை, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டேன். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு 6.30 மணிக்கு வெறும் வயிற்றில் 3 ஜாங்கிரி, ஒரு காபி. 9 மணிக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. ஒரு லட்டு சாப்பிட்டதும் சரியாகிவிட்டது, ஆனால் 11.30க்கு மறுபடியும் அதே கதை. எனக்கு என்ன ஆகிறது?

நேரத்தோடு எழுதியதற்கு நன்றி, இந்த விஷயத்தில் பாதி பதில் நேரத்தில்தான் இருக்கிறது. ஜாங்கிரி என்பது பாகில் ஊறிய இனிப்பு, கூட வேறு எந்த உணவும் இல்லை, அதனால் வயிற்றில் தங்காமல் சீக்கிரமே குடலுக்குப் போய் சர்க்கரை முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சிக்குப் போயிருக்கும். அந்த வேகத்தைப் பார்த்துக் கணையம் இன்சுலினை நிறையவே விடுகிறது. ஜாங்கிரி தீர்ந்துபோன பிறகும் அந்த இன்சுலின் வேலை செய்துகொண்டே இருப்பதால் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் சர்க்கரை வழக்கத்தைவிடக் கீழே போகிறது. உங்களுக்கு இரண்டரை மணி நேரம், கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுக்கமும் வியர்வையும் சர்க்கரையால் நேரடியாக வருவதில்லை. இறக்கத்தைத் தடுக்க உடம்பு அட்ரீனலினை விடுகிறதே, அதன் வேலை அது. பிறகு வருகிற அசதியும் அந்த அலைச்சலின் மிச்சம்தான்.

லட்டு சாப்பிட்டதும் சரியானது உண்மை. ஆனால் அதே லட்டுதான் 11.30 மணி நடுக்கத்தையும் கொண்டுவந்தது, மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். அந்த 9 மணிக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது, ஒரு வாழைப்பழத்தைக் கையில் எடுத்து, கூடவே ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இட்லி சாம்பார் என்று முறையான உணவுக்குப் போவது. பழம் உடனே தூக்கிவிடும், கடலையும் உணவும் மறுபடி விழாமல் பிடித்துக்கொள்ளும். காபியையும் கவனியுங்கள், வெறும் வயிற்றில் காபி தனியாகவே சிலருக்குக் கை நடுக்கம் தரும், இறக்கத்தின் படபடப்பையும் பெரிதாக்கிக் காட்டும்.

மதுரை: என் மாமியார் இது சுகர் வருவதற்கான முதல் அறிகுறி என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா மேடம்?

சிலருக்கு உண்மை, எல்லோருக்கும் இல்லை. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களில் ஒரு சாராருக்கு இன்சுலின் தாமதமாகவும் அளவுக்கு மேலும் சுரக்கும், சாப்பிட்ட 3, 4 மணி நேரத்தில் அவர்களுக்கு இப்படி இறங்குவது உண்டு. அதனால் மாமியார் சொல்வதை ஒதுக்காமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த 3 மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ், ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழ் என்றால் இப்போதைக்கு அந்தப் பயம் வேண்டாம். குடும்பத்தில் சுகர் இருந்தாலோ கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சுகர் வந்திருந்தாலோ வருடம் ஒருமுறை பாருங்கள்.

திருச்சி: நான் வெள்ளைச் சர்க்கரையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நாட்டு வெல்லமும் தேனும்தான். காலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி. இவர்களும் அப்படி மாறினால் போதும், இந்தத் தொல்லையே வராது.

கேழ்வரகுக்கு மாறியது நல்லது சார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், தேனும் ரத்தத்தில் சர்க்கரையாகவே போய்ச் சேருகிறது. நடுக்கம் வரும் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். கஞ்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. நைஸாக அரைத்த மாவை நன்றாகக் காய்ச்சி நீர்க்கக் குடித்தால், எந்தத் தானியமானாலும் வேகமாகவே ஏறும். அதே கேழ்வரகைக் களியாகவோ, முருங்கைக்கீரை போட்ட அடையாகவோ சாப்பிட்டால் கஞ்சியைவிட மெதுவாக ஏறும். கஞ்சிதான் வேண்டும் என்றால் வெல்லத்தை விட்டுவிட்டு மோர் ஊற்றிக் குடியுங்கள், கூட ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள்.

சேலம்: என் கணவருக்கும் இதே நடுக்கம் வருகிறது. அவர் சுகர் மாத்திரை போடுகிறார், 4 வருடமாக. அவருக்கும் வாழைப்பழமும் கடலையுமா கொடுக்க வேண்டும்?

இல்லை அம்மா, அவர் விஷயம் வேறு. மாத்திரையால் வரும் தாழ்சர்க்கரை நாம் பேசுவதைவிட ஆழமாகப் போகலாம், திரும்பத் திரும்பவும் வரலாம். நடுக்கம் வந்ததும் மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொருமுறை கொடுங்கள். ஏறிய பிறகு உணவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள். இப்போதே அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனிக்க வேண்டியது: வீட்டில் ஒருவர் சுகர் மாத்திரை போடுகிறார் என்றால், மற்றவர் தவறுதலாக அதை விழுங்கினாலும் இதே நடுக்கம் வரலாம். காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்கினால் மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள்.

சென்னை, மென்பொருள் துறை: மதியம் சாப்பாடு முடித்து அரை மணி நேரத்தில் கண் சொருகுகிறது. இதுவும் சுகர் இறங்குவதா?

பெரும்பாலும் இல்லை தம்பி. அரை மணி நேரத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும், இறங்காது. மதிய நேரத்தில் இயல்பாகவே வரும் தூக்கம், நிறையச் சோறு, முந்தைய இரவின் தூக்கக் குறை மூன்றும் சேர்ந்ததுதான் அது. சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டி, சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடந்து பாருங்கள். எப்போதும் அசதி என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பது நல்லது.

கோவை, மறுபடியும்: அக்கா, நீங்கள் மீட்டர் பற்றிச் சொன்னதைப் பார்த்து வாங்கிவிட்டேன். சித்தி வீட்டு விசேஷத்தில் 8 மணிக்கு கேசரியும் ரோஸ்மில்க்கும் மட்டும் சாப்பிட்டேன், 10.40க்கு நடுக்கம். மீட்டரில் 61. இது லோ சுகரா இல்லையா?

நடுவில் நிற்கிறீர்கள். சுகர் நோய் இல்லாதவருக்கு 55க்குக் கீழ் போனால்தான் டாக்டர்கள் உறுதியாக எடுத்துக்கொள்வார்கள், அதுவும் ஆய்வகத்தில் எடுத்த ரத்தத்தில். வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம், உங்கள் 61 உண்மையில் 54ஆகவும் இருக்கலாம், 68ஆகவும் இருக்கலாம். ஆனால் 70க்குக் கீழே வரும்போதே அட்ரீனலின் கிளம்பிவிடும், அதனால் உங்கள் நடுக்கம் வெறும் கற்பனை இல்லை. நடுக்கம் இருக்கும் அந்த நேரத்திலேயே அளந்தீர்கள், அதுதான் சரி. பலரும் இனிப்பு சாப்பிட்டுத் தெளிந்த பிறகு அளந்து 110 வந்ததும் குழம்புவார்கள்.

இன்னொன்று, இதைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்டைக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு தொல்லையும் இல்லாத ஆட்களுக்கே அந்தத் தண்ணீரைக் குடித்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை கீழே போவது உண்டு. தேவைப்பட்டால் வழக்கமான கலவை உணவு ஒன்றைக் கொடுத்து சில மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் காலையை மாற்றுவோம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். 3 இட்லி, கெட்டியாகப் பருப்பு தெரியும் சாம்பார், கூட 2 முட்டை. முட்டை இல்லாதவர்கள் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட 12 கிராம் வரும். முட்டையையோ சுண்டலையோ முதலில், இட்லியைப் பிறகு. 11 மணிக்கு ஒரு கொய்யாவோ மோரோ. இனிப்பு வேண்டும் என்றால் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம், வயிறு நிறைந்த நிலையில். ரோஸ்மில்க்கும் ஜூஸும் மட்டும் வேண்டாம், குடிக்கும் இனிப்புதான் எல்லாவற்றையும்விட வேகமாக ஏறும். ஒன்றிரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டு, சாப்பிட்ட நேரம், நடுக்கம் வந்த நேரம், அப்போதைய அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள்தான் முதலில் உதவும்.

திருநெல்வேலி: எனக்கு நடுக்கம் வரும்போது 3 முறை அளந்தேன், 84, 91, 88. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் நடுக்கம் உண்மைதானே?

உண்மைதான். சர்க்கரை இயல்பாக இருந்தும் சாப்பிட்ட பிறகு இப்படி ஆகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. உச்சியிலிருந்து வேகமாக இறங்குவதே போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அட்ரீனலினுக்கு அதிகம் பதில் தரும் உடம்பு என்று சிலர். உங்கள் எண்களை வைத்து எது என்று என்னால் சொல்ல முடியாது. படபடப்பு உணவோடு தொடர்பே இல்லாமலும் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் தைராய்டும் பதற்ற நோயும் பார்க்க வேண்டும். கோவைத் தங்கைக்குச் சொன்ன உணவை நீங்களும் முயன்று பார்க்கலாம், அளவு இறங்காதவர்களிலும் சிலருக்கு அது கேட்கிறது.

கோலாலம்பூர்: எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் புதிதாக இந்த நடுக்கம் தொடங்கியிருக்கிறது. ஒருமுறை மயங்கி விழுந்தேன்.

நீங்கள் உணவை மட்டும் மாற்றிவிட்டு உட்காராதீர்கள், இந்த வாரமே அறுவை சிகிச்சை செய்த குழுவைப் பாருங்கள். இரைப்பையில் பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு உணவு வயிற்றில் தங்காமல் நேராகக் குடலுக்குப் போவதால் இன்சுலின் பொங்கி, 1 முதல் 3 மணி நேரத்தில் சர்க்கரை ஆழமாக இறங்கும், அது ஒரு வருடம் கழித்துத் தொடங்குவதும் வழக்கம்தான். மயக்கம் வரை போனதால் வண்டி ஓட்டுவதை டாக்டரிடம் கேட்கும்வரை நிறுத்துங்கள். உணவில் சிறிது சிறிதாக 5, 6 வேளை, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளி, இனிப்புப் பானம் அறவே வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்க அகார்போஸ் போன்ற மாத்திரையை அவர்களே தருவார்கள்.

தஞ்சாவூர்: எனக்கு இனிப்பு சாப்பிட்டால் வருவதில்லை. சஷ்டி விரதம் இருந்தால் விடியற்காலையில் வருகிறது, பேச்சும் குழறுகிறது என்று மனைவி சொல்கிறாள்.

இந்தப் பக்கத்தில் எழுதியவர்களில் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டிய இன்னொருவர் நீங்கள். சாப்பிடாமல் இருக்கும்போது இறங்குவதும் பேச்சு குழறுவதும் சாப்பிட்ட பிறகு வரும் நடுக்கத்தின் வகை இல்லை. இன்சுலினை நிறுத்தாமல் சுரக்கும் கணையக் கட்டி அரிதாக இருக்கலாம், கல்லீரலோ சிறுநீரகமோ அட்ரீனல் சுரப்பியோ காரணமாகவும் இருக்கலாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள், தேவைப்பட்டால் மருத்துவமனையில் வைத்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுக் கண்காணிப்பார்கள். அதை வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம், அதுவரை விரதமும் வேண்டாம். விடியற்காலையில் மறுபடி வந்தால் மனைவி முதலில் மீட்டரில் அளந்து, எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கட்டும். விழுங்க முடியாத நிலை என்றால் 108ஐ அழைக்கட்டும்.